சிவப்பு மூத்திரமும் கன்று வீச்சும்: நான் தாமதமாகச் சேர்த்துப் பார்த்த ஒரு தொழுவம்

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழை நின்று தொழுவத்தில் தேங்கிய தண்ணீர் வடிந்த பிறகுதான் எங்களுக்கு வேலை கூடும். மழையின்போது நனைந்து நடுங்கும் மாட்டுக்குச் சளி பிடிக்குமோ என்று எல்லோரும் பயப்படுவார்கள். நான் பயப்படுவது தண்ணீர் வடிந்த அடுத்த இரண்டு வாரத்துக்கும், அதற்கடுத்த ஒன்றிரண்டு மாதத்துக்கும். ஏன் என்று சொல்ல, நான் தவறவிட்ட ஒரு கேஸையே எடுத்துக்கொள்கிறேன்.

வாய்க்கால் ஓரத்து வீடு. மூன்று கலப்பினப் பசு, ஒரு ஆறு மாதக் கன்று, மண் தரை, பக்கத்திலேயே வைக்கோல் போர். அந்த வருட மழையில் தொழுவத்துக்குள் நான்கு நாள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது. வடிந்து பத்து நாள் இருக்கும், கன்று தீவனம் தொடவில்லை என்று அந்த அம்மா போன் செய்தார். போய்ப் பார்த்தால் காய்ச்சல் 106 டிகிரி ஃபாரன்ஹீட், கண் இமையை விரித்தால் வெளுப்போடு மஞ்சள், மூத்திரம் டிகாஷன் நிறத்தில். காது மடலில் இரண்டு மூன்று உண்ணியும் இருந்தன. சரி, உண்ணிக் காய்ச்சல்தான், அதாவது பபேசியா, என்று முடிவு செய்து அதற்கான டிமினசின் ஊசியைப் போட்டுவிட்டு வந்தேன். காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் இழுத்து வைக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. அன்று செய்யவில்லை. மூன்றாம் நாள் கன்று இறந்துபோனது.

அதே வாரத்தில் கறவையில் இருந்த பசு ஒன்று திடீரென்று பாலைப் பாதியாகக் குறைத்திருக்கிறது. பால் மஞ்சளாகக் கொஞ்சம் கெட்டியாக, கிட்டத்தட்ட சீம்பால் மாதிரி வந்திருக்கிறது. மடிநோய் என்று நினைத்து வீட்டு வைத்தியம் பார்த்து, பத்துப் பதினைந்து நாளில் பால் தானாகத் திரும்பிவிட்டதால் என்னிடம் சொல்லவே இல்லை. அப்புறம், கன்று இறந்து ஏறக்குறைய நான்கு வாரம் கழித்து, ஏழு மாதச் சினைப் பசு கன்று வீசியது. வந்த கன்று உள்ளேயே ஒன்றிரண்டு நாள் முன்பு செத்து, அழுக ஆரம்பித்திருந்தது. நஞ்சுக்கொடி விழவில்லை.

கன்று வீசினால் நம் ஊரில் முதலில் மனசுக்கு வருவது புரூசெல்லோசிஸ். 'கன்று வீச்சு நோய்' என்ற பெயரையே அதற்குத்தான் கொடுத்து வைத்திருக்கிறோம். நானும் அதற்குத்தான் ரத்தம் எடுத்தேன், இல்லை என்று வந்தது. அந்த அம்மா வாசலில் நின்றுகொண்டு, "கன்னுக்குட்டி செவப்பா மூத்திரம் போய்ச் செத்துச்சு, இவ பால குறைச்சா, இப்ப இது வீசிடுச்சு, தண்ணி நின்னதுலேர்ந்து வீட்டுல எதுவும் சரியில்ல சார்" என்று ஏதோ தோஷத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். அவர் அடுக்கிய வரிசையில் அப்படியே நோயின் பெயர் இருந்தது. லெப்டோஸ்பைரோசிஸ். மனிதருக்கு வந்தால் எலிக்காய்ச்சல் என்கிறோமே, அதே கிருமிக் கூட்டம்தான்.

இந்தக் கிருமி சுருள் நூல் மாதிரி இருக்கும். கண், மூக்கு, வாயின் ஈரத்தோல் வழியாகவோ, ஊறி மென்மையான தோலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவோ உள்ளே போகும். முதல் ஒரு வாரம், பத்து நாள் ரத்தத்தில் ஓடும். இளங்கன்றாக இருந்தால் அப்போதே சில வகைக் கிருமிகள் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். உடைந்த அணுவின் நிறம்தான் மூத்திரத்தில் இறங்குகிறது. பெரிய மாட்டுக்கு அந்த நாட்களில் லேசான காய்ச்சலும் பால் குறைவும் தவிர எதுவும் தெரியாமல் போகலாம். உடம்பு எதிர்ப்புச் சக்தியைக் கட்டியதும் கிருமி ரத்தத்தை விட்டு ஒதுங்கி, அந்தச் சக்தி சுலபமாக எட்டாத இடங்களில் போய் உட்காரும்: சிறுநீரகம், சினையாக இருந்தால் கருப்பை. கருவைக் கொன்று வெளியே தள்ள வாரக்கணக்கில் ஆகும், சில வகைகளில் இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். அதனால்தான் கன்றின் சிவப்பு மூத்திரத்தையும் பசுவின் கன்று வீச்சையும் யாரும் ஒரே கதையாகப் படிப்பதில்லை. நடுவில் ஒரு மாத இடைவெளி விழுந்துவிடுகிறது, போதாக்குறைக்கு நோய்ப்பட்டதும் வேறு வேறு மாடு.

உறுதி செய்ய, வீசிய பசு, பால் குறைந்த பசு இரண்டிலும் ரத்தம் எடுத்துச் சீரத்தைப் பிரித்து ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அங்கே சீரத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, உயிருள்ள லெப்டோ கிருமிகளோடு கலந்து, கிருமிகள் ஒட்டித் திரள்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வீசிய பசுவின் சீரம் 1,600 மடங்கு நீர்த்த பிறகும் எலிகளோடு அதிகம் தொடர்புடைய இக்டெரோஹெமரேஜியே வகையைத் திரளச் செய்தது. மற்றப் பசுவுக்கு 400. வழக்கமாக இரண்டு மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து, திரளச் செய்யும் இந்த நீர்ப்பு அளவு நான்கு மடங்கு ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் முறை. ஆனால் கன்று வீசிய நேரத்தில் அது ஏற்கெனவே உச்சத்துக்குப் போயிருக்கும், சிலசமயம் இறங்கவும் தொடங்கியிருக்கும். மாட்டுக்கே பழகிப்போன ஹார்ஜோ என்ற வகையில், வீசிய பசுவுக்கே அளவு மிகக் குறைவாக வரும். அதனால் ஒரே ஒரு பசுவின் ஒரே ஒரு ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று வந்ததை வைத்து நோயே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. கூட நிற்கும் மாடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சிவப்பு மூத்திரம் கண்டால் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி, ஒரு மணி ஆடாமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால் அது ரத்தக் கசிவு, சிறுநீர்ப்பையிலோ சிறுநீரகத்திலோ புண், கட்டி என்று தேட வேண்டும். படியாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே டிகாஷன் நிறமாக நின்றால் பெரும்பாலும் உடம்புக்குள் அணு உடைகிறது. அணு உடைய மூன்று காரணங்களைத்தான் இங்கே நான் அதிகம் பார்க்கிறேன். ஈன்று இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள், நல்ல கறவையில், காய்ச்சல் இல்லாமல் வந்தால் பாஸ்பரஸ் குறைபாட்டை நினைப்பேன். கடும் காய்ச்சலும் உண்ணியும் இருந்து, ரத்தத் தகட்டில் அணுவுக்குள் ஒட்டுண்ணி தெரிந்தால் பபேசியா. காய்ச்சல் இருக்கிறது, தகடு சுத்தமாக இருக்கிறது, நோய்ப்பட்டது இளங்கன்று, தொழுவம் சமீபத்தில் ஊறியிருக்கிறது என்றால் லெப்டோவுக்கு வைத்தியத்தைத் தொடங்கிவிடுவேன், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க மாட்டேன். சாதாரண ரத்தத் தகட்டில் லெப்டோ தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உண்ணி இருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது, உண்ணி இல்லாத மாடு நம் ஊரில் எங்கே இருக்கிறது?

மருந்து பெரிய ரகசியம் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கிலோவுக்கு 25 மில்லிகிராம், அல்லது நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின் கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஆரம்பத்திலேயே போட்டால் கன்று பிழைக்கும். ரொம்ப வெளுத்துவிட்ட கன்றுக்கு ஊசி மட்டும் போதாது, வேறு மாட்டு ரத்தம் ஏற்ற வேண்டிவரும். பெரிய மாட்டுக்கு இந்த ஊசி போடுவது சிறுநீரகத்தில் உட்கார்ந்த கிருமியைத் துடைக்கத்தான், ஏற்கெனவே செத்த கருவை அது திருப்பித் தராது. ஊசி போட்ட மாட்டின் பாலை லேபிளில் சொன்ன நாள்வரை கறந்து கொட்ட வேண்டும், அதைச் சொன்னால்தான் என் மேல் கோபம் வருகிறது. வெளிநாடுகளில் மாட்டுக்கு இதற்குத் தடுப்பூசி உண்டு. நாம் முகாமில் வழக்கமாகப் போடும் வரிசையில் அது இல்லை.

அதனால் மிச்சம் எல்லாம் தரையில்தான் இருக்கிறது. எலியும் பெருச்சாளியும் இந்தக் கிருமியைச் சிறுநீரகத்தில் சுமந்துகொண்டு நோயே இல்லாமல் திரியும். வயலில் தண்ணீர் ஏறியதும் வளையை விட்டு மேட்டுக்கு வரும், அந்த மேடு உங்கள் வைக்கோல் போர், தவிட்டு மூட்டை, கவணை. ஆனால் எலி விடும் மூத்திரம் சில சொட்டு. ஒரு பசுவுக்குத் தொற்றிவிட்டால் அது நாளைக்குப் பத்து லிட்டருக்கு மேல் மூத்திரம் பெய்யும், அதுவும் உயரத்திலிருந்து, பக்கத்து மாட்டின் முகத்திலும் கறப்பவரின் கண்ணிலும் தெறிக்கிற மாதிரி. எலி கொண்டுவந்து கொடுக்கிறது, வாரக்கணக்கில் பரப்புவது பசுதான். எலியை மட்டும் பிடித்துவிட்டு மாட்டைக் கவனிக்காத வீட்டில் நோய் நின்றதில்லை.

வெயிலில் காய்ந்த தரையில் இந்தக் கிருமி சீக்கிரம் செத்துவிடும். குளம்புக் குழியில் மழைத்தண்ணீரும் மூத்திரமும் கலந்து நின்றால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நம் களிமண் தண்ணீரைக் குடிக்காது என்பதால் அந்தக் குழி பொங்கல் வரைக்கும் காயாது. அந்த வீட்டில் நான் முதலில் செய்யச் சொன்னது தரையை ஒரு முழம் உயர்த்தி, செங்கல் ஜல்லி போட்டு இடித்து, மூத்திரம் பின்பக்க வாய்க்காலுக்கு ஓடும்படி சரிவு வைப்பது. நாற்பது அடிக்கு ஒரு அடி என்ற சரிவு போதும். அந்த வாய்க்கால் உரக்குழிக்குப் போக வேண்டும், மாடு தண்ணீர் குடிக்கும் குட்டைக்கு இல்லை. தவிடும் புண்ணாக்கும் மூடி போட்ட டிரம்முக்குப் போயின. வைக்கோல் போரைத் தள்ளி, கல் அடுக்கி அதன் மேல் போட்டார்கள். எலிக்கு மூங்கில் தஞ்சாவூர் கிட்டியே வைத்தார்கள், தீவனம் இருக்கும் இடத்தில் விஷம் வைக்க நான் சம்மதிப்பதில்லை. செத்த எலியை வெறுங்கையால் தூக்காதீர்கள்.

வெறுங்கை என்றதும் ஞாபகம் வருகிறது. வீசிய கன்றை வெறுங்கையால் இழுத்து, வெறுங்காலோடு நின்று கழுவிவிட்டவர் அந்த வீட்டுக்காரர். பத்து நாளில் அவருக்குக் காய்ச்சல், கண் சிவந்து, கெண்டைக்கால் தொட முடியாத வலி. ஆஸ்பத்திரியில் மாட்டுக் கதையைச் சொல்லச் சொல்லி அனுப்பினேன், சொன்னதால் அன்றே சரியான மருந்து தொடங்கினார்கள். கையுறை, முழங்கால் பூட்ஸ் இரண்டும் ஒரு மூட்டைப் புண்ணாக்கைவிட மலிவு. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வாய்க்காலில் விடாமல், நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

அடுத்த வருடம் மழைக்குப் பிறகு அதே அம்மா மறுபடி போன் செய்தார். சிவப்பு மூத்திரம். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திண்ணையில் ஒரு பாட்டில் இருந்தது, மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். "ஒரு மணி நேரமா அப்படியேதான் இருக்கு சார், காய்ச்சல் இல்ல, ஈன்னு இருபது நாளு" என்றார். பாஸ்பரஸ் ஊசி இரண்டு நாள் போட்டதில் மூத்திரம் தெளிந்தது.