4121 நாலாயிரம் இல்லை அண்ணாச்சி

பேட்டைப் பக்கம் ஷீட் மடக்கும் பட்டறை ஒன்றிலிருந்து போன வாரம் வாட்ஸ்அப்பில் இரண்டு போட்டோ வந்தது. ஒன்றில் ஏழு தையல் போட்ட உள்ளங்கை, இன்னொன்றில் அந்தக் கை மாட்டியிருந்த கிளவுஸ். ஜி.ஐ. ஷீட்டின் விளிம்பு கிழித்திருக்கிறது. இந்த வருஷம் எனக்கு இப்படி வந்த மூன்றாவது கை இது.

போனில் கேட்டேன். "கிளவுஸ்ல 4121X போட்டிருக்குல்லா சார், பெரிய நம்பர்தானே? கடைக்காரர் 3X43Dன்னு ஒண்ணு காட்டுனாரு. அது மூவாயிரம், நடுவுல எக்ஸ் வேற. பெயிலானதுன்னு வேண்டாம்னுட்டேன்" என்றார் முதலாளி.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அது ஒரே எண் இல்லை அண்ணாச்சி. பள்ளிக்கூட மார்க் ஷீட்டில் கணக்கு, தமிழ், அறிவியல் மார்க்கை ஒட்டி எழுதி மொத்தமாக வாசிப்பீர்களா?

கிளவுஸில் கேடயத்துக்குள் சுத்தியல் படமும் பக்கத்தில் EN 388 என்ற ஐரோப்பியத் தர எண்ணும் இருந்தால், கீழே வருவது இந்த வரிசை: தேய்மானம், வெட்டு, கிழிசல், குத்து. ஐந்தாவதாக வரும் எழுத்து இன்னொரு வெட்டுச் சோதனை. 4121X-இல் நாலு வாங்கியது தேய்மானம். வெட்டுக்கு வெறும் ஒன்று, ஐந்துக்கு. செங்கல் தூக்க அது போதும், ஷீட் தூக்க ஆகாது.

எக்ஸ் என்றால் பெயில் இல்லை, அந்தச் சோதனை நடக்கவில்லை அல்லது பொருந்தவில்லை என்று அர்த்தம். இரண்டாவது இடத்துச் சோதனையில் வட்டக் கத்தி சுற்றும். கண்ணாடி இழை, இரும்பு இழை கலந்த கிளவுஸில் அந்தக் கத்தியே மழுங்கிவிடும், மார்க்கை நம்ப முடியாது. அதனால் நேர்க்கத்தியால் வெட்டிப் பார்த்து A முதல் F வரை எழுத்து கொடுக்கிறார்கள். D என்றால் குறைந்தது 15 நியூட்டன், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையின் அழுத்தம். அவர் ஒதுக்கிய 3X43D-தான் அன்றைக்கு அந்தக் கைக்குத் தேவைப்பட்டது.

போட்டோ அனுப்பும்போது கிளவுஸின் புறங்கை அச்சையும் உள்லேபிளையும் தெளிவாக எடுங்கள், மாடல் எண்ணும் தெரியட்டும். அந்த மாடலுக்கான தயாரிப்பாளரின் தகவல் தாளைக் கேட்டு வாங்கி, இதே எண்கள் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அச்சு வெறும் வாக்குமூலம்தான், யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். சோதனையும் உள்ளங்கைப் பக்கத்துக்குத்தான், புறங்கைக்கு அந்த மார்க் செல்லாது.

அப்புறம், D போட்ட கிளவுஸ் வாங்கிவிட்டோம் என்று அதோடு டிரில்லிங் மெஷினில் நிற்காதீர்கள். சுற்றும் பிட்டு நூலைப் பிடித்தால் விரலோடு இழுத்துக்கொள்ளும். அங்கே வெறுங்கைதான்.