எல்லோரும் விழித்திருக்கும் ஒரு மணி நேரம்

மொரீஷியஸில் பல தமிழ்க் குடும்பங்களில் ஒரு பிள்ளை மெல்பர்னில், ஒன்று லண்டனில், இன்னொன்று டொராண்டோவில் என்று சிதறிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பேசலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது பேச்செடுத்தால், நேரம் முடிவாவதற்குள் அந்த ஞாயிறே முடிந்துவிடும். "எனக்கு ராத்திரி ஆயிடுமே", "எனக்கு விடியவே இல்லையே" என்று ஆளுக்கொரு பதில். உண்மையில் இதற்கு விடை இருக்கிறதா இல்லையா என்பதை ஒரே ஒரு கழித்தல் கணக்கில் கண்டுபிடிக்கலாம்.

இரண்டு அட்டை வட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வட்டத்தின் விளிம்பில் 24 மணிகளையும் எழுதி, இரவு 10 முதல் காலை 7 வரை கறுப்பாகத் தீட்டிவிடுங்கள். அது தூக்கம், 9 மணி நேரம். சிறிய வட்டத்தை அதன் நடுவில் பொருத்தி, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி வையுங்கள். ஜனவரியில் மொரீஷியஸில் மதியம் 12 என்றால் லண்டனில் காலை 8, டொராண்டோவில் அதிகாலை 3, மெல்பர்னில் இரவு 7. அந்தந்த மணிக்கு நேராக ஒரு புள்ளி. இனி சிறிய வட்டத்தைச் சுழற்றினால் நான்கு புள்ளிகளும் ஒன்றுக்கொன்று விலகாமல் ஒன்றாகவே நகரும். நேரம் ஓடுவது என்பது அவ்வளவுதான். ஒரு புள்ளிகூடக் கறுப்பில் படாத இடம் கிடைத்தால் அதுதான் அழைப்பு நேரம்.

புள்ளி எதுவும் கறுப்பில் படக்கூடாது என்றால், கறுப்புப் பகுதி முழுவதும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள ஓர் இடைவெளிக்குள் அடங்க வேண்டும். ஆகவே புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகப் பெரிய இடைவெளியைப் பாருங்கள். அதிலிருந்து தூக்கத்தின் 9 மணியைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் எல்லோரும் ஒரே தொடர்ச்சியாக விழித்திருக்கும் மிக நீண்ட நேரம். கழிக்க முடியாமல் போனால், குறைகிற அளவு நேரத்துக்கு யாரோ ஒருவர் தூக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

நம் குடும்பத்துக்குப் போட்டுப் பார்ப்போம். ஜனவரியில் டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் 5 மணி, லண்டனுக்கும் மொரீஷியஸுக்கும் 4, மொரீஷியஸுக்கும் மெல்பர்னுக்கும் 7. மெல்பர்னிலிருந்து வட்டத்தைச் சுற்றி மறுபடி டொராண்டோவுக்கு வர 8. பெரியது அந்த 8தான். ஒரு மணி நேரம் துண்டு விழுகிறது. ஜூலையில் கனடா கோடை நேரத்தில் ஒரு மணி முன்னால் வந்திருக்கும். மெல்பர்னோ தன் கோடை நேரத்தை விட்டு ஒரு மணி பின்னால் போயிருக்கும். அந்த இடைவெளி 10 ஆகிவிடும். ஒரு மணி நேரம் மிஞ்சுகிறது: மொரீஷியஸில் பிற்பகல் 3 முதல் 4 வரை. 3 மணிக்கு டொராண்டோவில் காலை 7, லண்டனில் நண்பகல், மெல்பர்னில் இரவு 9.

இந்தக் கணக்கில் லண்டனுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? இடைவெளியின் இரு கரையிலும் நிற்கும் டொராண்டோவும் மெல்பர்னும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. டர்பனிலிருந்து பெரியப்பா மகனையும் சேர்த்துக்கொண்டாலும் ஒரு நிமிடம்கூட மாறாது. அதனால் குழுவில் எல்லோரிடமும் "உங்களுக்கு எப்போ வசதி?" என்று கேட்பது வீண். மெல்பர்ன்காரர் எத்தனை மணி வரை விழித்திருப்பார், டொராண்டோக்காரர் எத்தனை மணிக்கு எழுவார் என்ற இரண்டையும் கேட்டால் போதும். இரவு வேலைக்குப் போகிற நர்ஸ் யாராவது இருந்தால் மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். அவருடைய கறுப்புப் பகுதி வட்டத்தில் வேறு இடத்தில் இருக்கும்.

கோடை நேரத் தேதிகள்தான் அடுத்த தலைவலி. டொராண்டோ மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறுகிறது. மெல்பர்ன் ஏப்ரல் முதல் ஞாயிறும் அக்டோபர் முதல் ஞாயிறும். 2026இல் அவை மார்ச் 8, நவம்பர் 1, ஏப்ரல் 5, அக்டோபர் 4. ஆக ஏப்ரல் 5 முதல் அக்டோபர் 4 வரை இடைவெளி 10, நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை 8, நடுவில் இரண்டு முறை ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு 9. சித்திரை வருடப்பிறப்புக்கு எல்லோரும் நிம்மதியாகப் பேசலாம். பொங்கலும் தைப்பூசக் காவடியும் சரியாகத் துண்டு விழும் காலத்தில் வந்து மாட்டிக்கொள்கின்றன.

மார்ச்சிலோ அக்டோபரிலோ யாராவது ஒருவர் மட்டும் சரியாக ஒரு மணி நேரம் முன்போ பின்போ வந்து நின்றால், குற்றம் அவர் மறதியில் இல்லை. அழைப்பை மாறுகிற ஊரின் கடிகாரத்தில் குறித்து வைத்ததுதான் காரணம். மொரீஷியஸ் கடைசியாக 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை கடிகாரத்தை முன்தள்ளிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அதன் பிறகு மாறவே இல்லை. ஆகவே நாள்காட்டிச் செயலியில் நேர மண்டலமாக Indian/Mauritius என்பதைத் தேர்ந்தெடுத்து "பிற்பகல் 3" என்று போட்டுவிட்டால், மற்றவர்களின் தொலைபேசி தானாகவே தன் ஊர் நேரத்துக்குத் திருத்திக்கொள்ளும்.

சரி, ஜனவரியில் விழும் அந்த ஒரு மணித் துண்டை யார் தலையில் கட்டுவது? மூன்று வழிகள். மொரீஷியஸ் 3 மணி என்றால் டொராண்டோ 6 மணிக்கு எழ வேண்டும். 4 மணி என்றால் மெல்பர்ன் 11 வரை விழித்திருக்க வேண்டும். மூன்றரை என்றால் ஆளுக்கு அரை மணி. இவ்வளவு சிறிய துண்டுக்கு மூன்றரையே நல்லது என்பேன். அரை மணி தாமதமாகப் படுப்பதை யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். துண்டு இரண்டு மணியைத் தாண்டினால் பங்கு போடுவது உதவாது. ஒருவரை ஐந்து மணிக்கு எழுப்பினாலும் நாலரைக்கு எழுப்பினாலும் அவருடைய அன்றைய தூக்கம் போனது போனதுதான். இருவரையும் பாதிப் பாதி கெடுப்பதைவிட, இந்த மாதம் ஒருவர், அடுத்த மாதம் மற்றவர் என்று முறை வைப்பது மேல்.

இதுவரை மொரீஷியஸ் பிற்பகலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசிக்கொண்டிருந்தது. வீட்டில் யாராவது கலிபோர்னியாவுக்கு வேலைக்குப் போகட்டும், கதை மாறிவிடும். ஜனவரியில் கலிபோர்னியா நமக்கு 12 மணி பின்னால். மெல்பர்னுக்கும் டொராண்டோவுக்கும் நடுவே இருந்த 8 மணி இடைவெளியில் புதிய புள்ளி வந்து உட்கார, அது 5 ஆகவும் 3 ஆகவும் உடைகிறது. இப்போது மிகப் பெரிய இடைவெளி மொரீஷியஸுக்கும் மெல்பர்னுக்கும் நடுவே உள்ள 7. இரண்டு மணித் துண்டு. அதைச் சுமக்க வேண்டியவர்களில் ஒருவர் நம் பாட்டி! அவர் இரவு 10 மணிக்குப் பேச உட்கார்ந்தால் கலிபோர்னியாவில் காலை 10, டொராண்டோவில் பிற்பகல் 1, லண்டனில் மாலை 6, மெல்பர்னில் மறுநாள் அதிகாலை 5. ஜூலையில் கணக்கு மறுபடி புரண்டு, கரையில் நிற்பவர்கள் மெல்பர்னும் கலிபோர்னியாவும் ஆகிவிடுவார்கள்.

அந்த "மறுநாள்" என்பதைத்தான் பலரும் பார்க்கத் தவறுகிறார்கள். மொரீஷியஸில் ஞாயிறு இரவு 10 என்றால் மெல்பர்னில் திங்கள் விடிந்துகொண்டிருக்கும். பேசி முடித்த கையோடு வேலைக்குக் கிளம்ப வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குச் சனிக்கிழமை இரவுதான் பொருந்தும்.