தங்க எழுத்து ஏன் காவியில கரையுது?

பக்தி சேனல் நடத்துற ஒருத்தர் கேட்டிருந்தாரு, "காவி பேக்ரவுண்ட்ல தங்க கலர்ல சேனல் பேரு வச்சேன், எடிட் பண்றப்ப பளபளன்னு இருக்கு, அப்லோட் பண்ணி போன்ல பாத்தா எழுத்தோட ஓரம் எல்லாம் கசகசன்னு ஆயிடுது, ஃபான்ட் சரியில்லையா?"ன்னு. ஃபான்ட் மேல பெருசா தப்பில்லைங்க. தப்பு கலர் ஜோடியில.

ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு எண், இது ஸ்கூல்லயே படிச்சது தான். ஆனா வீடியோவா சேவ் பண்றப்ப இந்த மூணையும் அப்படியே வைக்க மாட்டாங்க. வெளிச்சம் எவ்ளோன்னு ஒரு எண், கலர் என்னன்னு ரெண்டு எண், இப்படி மாத்திடுவாங்க. 1953ல அமெரிக்காவுல கலர் டிவிக்கு சிக்னல் முடிவு பண்ணப்ப, பழைய கருப்பு வெள்ளை பெட்டியிலயும் அதே ஒளிபரப்பு தெரியணும்னு வெளிச்சத்தை தனியா பிரிச்சாங்க, அந்த வழக்கம் இன்னிக்கும் தொடருது.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். நம்ம கண்ணு வெளிச்ச வித்தியாசத்தை நுணுக்கமா பாக்கும், கலர் வித்தியாசத்துல அவ்ளோ நுணுக்கம் கிடையாது. அதனால 4:2:0ங்கற முறையில வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வச்சிட்டு, கலரை மட்டும் நாலு பிக்சலுக்கு ஒண்ணுன்னு வச்சிடுறாங்க. கலர் தகவல்ல முக்கால்வாசி போயே போச்சு, ஆனா சாதாரண காட்சியில யாருக்கும் தெரியறதில்ல. படத்துல கோடு தெளிவா இருந்தா உள்ள அடிச்ச கலர் கொஞ்சம் வழிஞ்சாலும் கண்ணு கண்டுக்காதுல்ல, அந்த மாதிரி தான். கண்ணோட சோம்பேறித்தனத்தையே சேமிப்பா மாத்தின ஆளுங்களை நெனச்சா எனக்கு இன்னமும் சிரிப்பு வரும்.

ஆனா கோடே இல்லாம கலர் மட்டும் இருந்தா? அங்க தான் அவரோட சேனல் பேரு மாட்டுது. ஹெச்டி வீடியோவுல வெளிச்சத்தை கணக்கு பண்ற சூத்திரம் இது:

```
Y = 0.2126 R + 0.7152 G + 0.0722 B
```

தங்கம் #D4AF37, அதாவது 212, 175, 55. கணக்கு போட்டா 174 வருது. காவி #FF9933, அதாவது 255, 153, 51. அதுக்கு 167. வெறும் 7 தான் வித்தியாசம்! எழுத்தோட உருவம் கிட்டத்தட்ட முழுசா கலர்ல தான் இருக்கு, அந்த கலரைத் தான் நாலுல ஒண்ணா குறைச்சிட்டாங்க. 360 தரத்துல பாக்குறவருக்கு படம் 640க்கு 360 பிக்சல், கலர் வெறும் 320க்கு 180. மூணு பிக்சல் அகலத்துல இருந்த புள்ளிக்கு கலர்ல ஒன்றரை தான் கிடைக்கும், அப்புறம் "க்" எது "க" எதுன்னு ஊகிக்கணும். தமிழ் எழுத்துல புள்ளியும் சுழியும் இவ்ளோ சின்னதா இருக்கறதால மெல்லிசு ஃபான்ட் இன்னும் மோசமாகும்.

அதே தங்கத்தை #6B0F1A மாதிரி ஒரு ஆழமான மெரூன் மேல வைங்க. மெரூனோட வெளிச்சம் 35 தான், வித்தியாசம் 139. கலர் வழிஞ்சாலும் ஓரத்தை வெளிச்சமே பிடிச்சு நிறுத்தும். காவி வேணும்னா கோடு, பார்டர்னு வச்சிக்கலாம், எழுத்துக்கு பின்னாடி மட்டும் வேணாம். சில பேரு கலரை நியூமராலஜி பாத்து எடுக்குறாங்க, எடுங்க, ஆனா ராசியான கலரா இருந்தாலும் இந்த கூட்டல் கணக்குல தோத்துதுன்னா பேரு தெரியாது, அவ்ளோ தான்.

கணக்கு போட சோம்பலா இருந்தா, கமாண்ட் அடிச்சு வீடியோவை மாத்துற ffmpegங்கற டூல்ல ஒரு ஃப்ரேமை கருப்பு வெள்ளையா எடுத்து பாருங்க:

```
ffmpeg -ss 2 -i intro.mp4 -vf format=gray -frames:v 1 test.png
```

அந்த சாம்பல் படத்துல பேரு சட்டுனு படிக்க வந்தா அந்த ஜோடியை எழுதி வச்சிட்டு இன்ட்ரோ, தம்ப்நெயில், பாட்டு வரி எல்லாத்துக்கும் அதையே போடுங்க. பாட்டு வரிக்கு பின்னாடி சாமி படம் மாறிட்டே இருக்கும், ஒரு படத்துல வெளிச்சம் 30, அடுத்ததுல 180னு போகும், அதனால வரிக்கு கீழ அந்த மெரூன் பட்டையை நிரந்தரமா வச்சிடறது நல்லது.

இன்ட்ரோல பூமாரி பொழியறது இன்னொரு தொல்லை. கம்ப்ரெஷன் முன்னாடி ஃப்ரேம்ல இருந்து என்ன நகர்ந்துச்சுன்னு பாத்து மிச்சம் பிடிக்குது, நூறு இதழ் நூறு திசையில சுத்தினா மிச்சம் பிடிக்க ஒண்ணுமில்ல, பிட்ரேட் எல்லாம் பூவுக்கே போயிடும், பக்கத்துல இருக்குற பேரு கட்டம் கட்டமா உடையும். பூ விழுந்து அடங்கினதுக்கு அப்புறம் பேரை கொண்டு வந்து ஒரு ரெண்டு செகண்ட் அசையாம நிறுத்துங்க.

கலரையும் ஒவ்வொரு பிக்சலுக்கும் குறைக்காம வைக்கிற 4:4:4 முறையில எக்ஸ்போர்ட் பண்ணா தப்பிச்சிடலாம்னு ஒரு யோசனை சுத்துது. தளம் அதை திரும்ப 4:2:0வா மாத்தித் தான் பாக்குறவங்களுக்கு அனுப்பும், ஃபைல் பெருசானது தான் மிச்சம்.