ஒரு வாரம் முழுக்க ஒரே கடை

எல்.கே.ஜி. வகுப்புக்கு நான் முதன்முதலில் எழுதிய வாரத் திட்டம் பார்க்க அழகாக இருந்தது. திங்கள் பழங்கள், செவ்வாய் வாகனங்கள், புதன் மழை, வியாழன் விலங்குகள், வெள்ளி நம் வீடு. நாளுக்கு ஒரு புதுப் பாட்டு, ஒரு புதுக் கதை. அடுத்த திங்கட்கிழமை மாட்டுவண்டிப் படத்தைக் காட்டிக் கேட்டேன். 20 பிள்ளைகளில் இரண்டு பேர்தான் பெயர் சொன்னார்கள். அந்த இருவர் வீட்டிலும் வண்டி இருந்தது.

நான் சொல்லித் தராமல் இல்லை. சொன்ன சொல் திரும்பி வர அந்தத் திட்டத்தில் இடமே இல்லை, அதுதான் கோளாறு.

நான்கு வயதுப் பிள்ளை ஒரு புதுச் சொல்லை எப்படிப் பிடிக்கிறது என்று அமெரிக்காவில் சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் இருவரும் ஆராய்ந்து 1978இல் எழுதினார்கள். மழலையர் பள்ளியில் ஆசிரியர் போகிற போக்கில், "அந்த நீலத் தட்டு வேண்டாம், குரோமியம் தட்டை எடுத்து வா" என்றார். அங்கே இருந்த இன்னொரு தட்டு ஆலிவ் பச்சை நிறம். அந்த நிறத்துக்குத்தான் 'குரோமியம்' என்று புதுப் பெயர் வைத்திருந்தார்கள். 'நீலம் வேண்டாம்' என்ற துப்பை வைத்துப் பிள்ளைகள் சரியான தட்டைக் கொண்டுவந்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோதும் பலரிடம் அந்தச் சொல்லின் ஏதோ ஒரு தடம் தங்கியிருந்தது. ஆனால் மங்கலான தடம்தான். முதல்முறை கேட்கும்போது சொல்லுக்கு ஒரு இடம் மட்டும் போட்டு வைக்கிறது பிள்ளை. பல நாள், பல சூழலில் அதே சொல் வந்தால்தான் அந்த இடம் நிரம்பும்.

ஆகவே இப்போது நான் எழுதும் திட்டத்தில் வாரத்துக்கு ஒரே களம், ஒரே கதை, பத்துச் சொல். கடை வாரத்துக்கு இவை: தராசு, எடைக்கல், பொட்டலம், சில்லறை, மீதி, கனம், லேசு, அள்ளு, கொட்டு, எடை போடு. பொருள்களின் பெயரை மட்டும் அடுக்கக் கூடாது. 'கனம்', 'கொட்டு' மாதிரிச் சொற்கள் இல்லாமல் பிள்ளையால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது.

திங்கட்கிழமை கடை கிடையாது, சாமான் மட்டும்தான். ஒரு குச்சியின் நடுவில் கயிறு கட்டி, இரண்டு முனையிலும் கொட்டாங்குச்சியைத் தொங்கவிட்டு, ஜன்னல் கம்பியில் மாட்டினால் தராசு தயார். ஒன்றில் தக்காளி, ஒன்றில் கல். தட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே 'கனம்' என்ற சொல்லைக் கேட்கிற பிள்ளைக்கு, அது காதோடு நிற்காமல் கைக்கும் போகிறது. செவ்வாய் கடை திறக்கும், நான்தான் கடைக்காரர். அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டு வைத்துக்கொள்ளும் நாள் அது.

புதன்தான் முக்கியம். அன்று கடை பிள்ளைகள் கையில், நான் வாடிக்கையாளர். அதுவும் கொஞ்சம் தொல்லை கொடுக்கிற வாடிக்கையாளர்.

"அண்ணாச்சி, இந்தக் கல்லு எடைக்குத் தக்காளி குடுங்க."

"இந்தாங்க."

"இது ரொம்பக் கனமா இருக்கே?"

இதைச் சொல்லிவிட்டு மனதுக்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுவேன். பெரியவர்களுக்கு அந்த மௌனம் தாங்காது. மூன்றாவது எண்ணிலேயே பதிலை நாமே சொல்லத் தோன்றும். பிள்ளைக்கோ சொல்லைத் தேடி, வாக்கியமாகக் கட்ட அந்த நேரம் வேண்டும். கடைக்காரப் பையன் தராசில் வைத்துப் பார்த்தான்.

"கல்லு மேல போயிடுச்சு. தக்காளிதான் கனம்."

"அப்போ என்ன செய்யலாம்?"

"ஒண்ண எடுத்துட்டா சரியாயிடும்."

'எடுத்துட்டா' என்ற சொல்லில் நிபந்தனை இருக்கிறது, 'சரியாயிடும்' என்பதில் விளைவு இருக்கிறது. "இது என்ன? என்ன நிறம்?" என்று நான் கேட்டிருந்தால் "தக்காளி, சிவப்பு" என்பதோடு நின்றிருக்கும். விடை தெரிந்துகொண்டே கேட்கிற கேள்விக்குப் பிள்ளை ஒரே சொல்லில்தான் பதில் சொல்லும். அதற்கு மேல் பேச அதற்குத் தேவை எதுவும் இல்லை.

இந்த விளையாட்டுக்குக் குறைந்தது 40 நிமிடம் ஒதுக்க வேண்டும், இடையில் மணி அடிக்கக் கூடாது. முதல் பதினைந்து நிமிடம் யார் கடைக்காரர், எது வெங்காயம் என்று தகராறு தீர்ப்பதிலேயே போகும். அதுவும் வீண் இல்லை. "இந்தக் கூழாங்கல் வெங்காயம்" என்று பேசி ஒத்துக்கொள்ளும்போது, கண்ணுக்குத் தெரியாத பொருளைச் சொல்லே தாங்கி நிற்கிறது. பாவனை விளையாட்டில் பொருளின் தோற்றத்திலிருந்து அதன் கருத்து பிரிகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னது இதைத்தான். வியாழக்கிழமை நான் ஓரமாக உட்கார்ந்து, கேட்டதை நோட்டில் எழுதுவதோடு சரி.

கதையும் அப்படித்தான், ஐந்து நாளும் ஒன்றே. கடைக்குப் போய், வாங்க வந்ததை மறந்துவிடும் பாட்டியின் கதை. திங்கள் நான் முழுதாகச் சொல்வேன். செவ்வாய் முக்கியமான சொல்லுக்கு முன்னால் நிறுத்துவேன், பிள்ளைகள் நிரப்புவார்கள். புதன் "பாட்டி ஏன் திரும்பி வந்தாங்க?" என்று கேட்பேன். வியாழன் நடிப்பு. வெள்ளி அவர்கள் சொல்ல, நான் கேட்பேன். ஒரே கதை அலுத்துவிடாதா என்று பெற்றோர் கேட்பார்கள். இங்கிலாந்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுப் பிள்ளைகள் புதுச் சொற்களைச் சம அளவே கேட்டும், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்குத்தான் அவை நன்றாக நினைவில் நின்றன. கதை தெரிந்துபோனால் கவனம் சொல்லுக்குப் போகும்.

ஒலிப் பயிற்சிக்குத் தனி வகுப்பு வேண்டாம், கடை மூடும் ஐந்து நிமிடம் போதும். ஆங்கிலத் திட்டங்களை அப்படியே எடுத்தால் வரியின் கடைசி ஒலி ஒத்துவரும் சொற்களைத் தேடச் சொல்லும். தமிழில் மோனையும் எதுகையும் சொல்லின் முன்பக்கத்தில் இருக்கின்றன. அதனால், "த-வில் தொடங்குகிற சாமானெல்லாம் உள்ளே போகட்டும்" என்பேன். தக்காளி, தராசு, தட்டு போய்விடும். அப்புறம் கைதட்டல்: தக்-கா-ளி, மூன்று தட்டு. எழுத்தோ நான்கு, புள்ளி வைத்த 'க்' தனியாகத் தட்டு வாங்காமல் 'த'வோடு ஒட்டிக்கொள்கிறது. இது காதுக்குப் பழகிய பிள்ளைக்கு, பின்னாளில் மெய்யெழுத்து வரும்போது தடுமாற்றம் குறையும்.

வெள்ளிக்கிழமை படத்தைக் காட்டிப் பெயர் கேட்பதில்லை. யாரும் கேட்காமலே விளையாட்டில் எந்தச் சொல் வந்தது என்று நோட்டைப் பார்ப்பேன். கடை நன்றாக ஓடியும் பிள்ளைகள் "இது", "அது" என்றே பேசிக்கொண்டிருந்தால், பிழை என்னுடையது. செவ்வாய்க்கிழமை நான் அந்தச் சொற்களைப் போதிய அளவு பேசவில்லை என்று அர்த்தம். "பேசு பேசு" என்று நெருக்கினால் விளையாட்டு பரீட்சையாகிவிடும்.

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கு ஒரு வாரக் கணக்கு பொருந்தாது. எங்கள் வகுப்பில் இந்தி பேசும் ஒரு சிறுமி ஐந்து நாளும் வாய் திறக்கவில்லை, ஆனால் கேட்ட சாமானைச் சரியாக எடுத்துக் கொடுத்தாள். நோட்டில் அவள் பெயருக்கு நேரே 'புரிகிறது' என்று மட்டும் எழுதினேன். அடுத்த வாரம் களம் சமையலுக்கு மாறியது. பழைய சொற்கள் திரும்பி வரட்டும் என்று கடையை மூலையில் அப்படியே விட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை அரிசி வாங்கப் போய், காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், மீதி."