ஒரே சர்வர், இரண்டு தேய்மானம்: ஒத்திவைத்த வரி எப்படிப் பிறக்கிறது

ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பைப் புரட்டினால் பொறுப்புகள் பக்கத்தில் 'ஒத்திவைத்த வரி' என்று ஒரு தலைப்பு இருக்கும். ஆடிட்டர்கள் 'டெஃபர்ட் டாக்ஸ்' என்பார்கள். பேங்க் கடனைப் போல இதற்கு யாரும் வட்டி கேட்பதில்லை. வருமான வரித்துறையும் இதற்காக நோட்டீஸ் அனுப்புவதில்லை. எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்றும் எங்கும் எழுதியிருக்காது. ஆனாலும் அது பொறுப்புதான். ஏன் என்று தெரிய ஒரே ஒரு சர்வரை வாங்கிப் பார்த்தால் போதும்.

ஒரு மென்பொருள் நிறுவனம் ஏப்ரல் மாதம் 60 லட்சம் ரூபாய்க்கு சர்வர் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் நிறுவனங்கள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணை, சர்வருக்கும் நெட்வொர்க் சாதனங்களுக்கும் 6 வருட ஆயுள் தருகிறது. ஆயுள் முடியும்போது அதற்கு விலையே இருக்காது என்று நிறுவனம் மதிப்பிட்டால், 60 லட்சத்தை 6-ஆல் வகுத்து, வருடத்துக்கு 10 லட்சம் வீதம் புத்தகத்தில் தேய்மானம் எழுதும். ஆறு வருடமும் ஒரே தொகை.

வருமான வரிச் சட்டம் இந்த வழியில் போவதில்லை. கம்ப்யூட்டர்களுக்கு அது 40 சதவீதத் தேய்மானம் தருகிறது. அதுவும் வாங்கிய விலையின் மேல் அல்ல, ஒவ்வொரு வருடமும் மிச்சமிருக்கும் மதிப்பின் மேல். முதல் வருடம் 24 லட்சம் கழியும், 36 லட்சம் மிஞ்சும். அடுத்த வருடம் அந்த 36-இல் 40 சதவீதம், அதாவது 14.40 லட்சம். அப்புறம் 8.64 லட்சம். இப்படிக் குறைந்துகொண்டே போகும். சொத்தை வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதி விகிதம்தான் கிடைக்கும். நம்முடையது ஏப்ரலில் வாங்கியது, அதனால் முழுதாகவே கிடைக்கிறது.

தேய்மானத்தைக் கழிப்பதற்கு முன் இந்த நிறுவனத்தின் லாபம் வருடா வருடம் சரியாக 1 கோடி ரூபாய் என்று வைப்போம். வியாபாரத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வரி விகிதம் 25.168 சதவீதம். சலுகைகளை விட்டுக்கொடுத்துக் குறைந்த விகிதத்தைத் தேர்ந்தெடுத்த இந்திய நிறுவனங்களுக்கான 22 சதவீதத்தோடு சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்தால் இது வரும்.

முதல் வருடம் புத்தகத்தில் வரிக்கு முந்தைய லாபம் 90 லட்சம். வரித்துறைக்குக் காட்டும் வருமானம் 76 லட்சம்தான், ஏனென்றால் அங்கே 24 லட்சம் கழிகிறது. கட்டும் வரி 19.13 லட்சம். 90-இலிருந்து இதைக் கழித்தால் நிகர லாபம் 70.87 லட்சம்.

இப்போது ஆறாம் வருடத்துக்குப் போவோம். புத்தக லாபம் அதே 90 லட்சம். ஆனால் வரிக் கணக்கில் தேய்மானம் வெறும் 1.87 லட்சமாகத் தேய்ந்துவிட்டது. வரிக்குரிய வருமானம் 98.13 லட்சம், வரி 24.70 லட்சம், நிகர லாபம் 65.30 லட்சம். வியாபாரம் ஒரு ரூபாய் கூட மாறவில்லை. ஆனால் பங்குதாரர் கண்ணுக்கு லாபம் ஐந்தரை லட்சம் சரிந்ததாகத் தெரிகிறது. முதல் வருடத்தில் 70.87 லட்சத்தை நம்பி டிவிடெண்ட் கொடுத்திருந்தால், பின்னால் வரப்போகும் வரிக்கான பணத்தில் ஒரு பகுதியையும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகும்.

ஒத்திவைத்த வரி இந்தக் கோணலைத்தான் நிமிர்த்துகிறது. முதல் வருடம் வரிக் கணக்கில் 14 லட்சம் கூடுதலாகத் தேய்மானம் எடுத்தாகிவிட்டது. அந்த 14 லட்சத்தைப் பின்வரும் வருடங்களில் எடுக்க முடியாது. அப்போது வரி அதிகமாக வரும் என்பது இன்றைக்கே தெரிகிறது. எனவே 14 லட்சத்தின் 25.168 சதவீதமான 3,52,352 ரூபாயை இந்த வருடமே செலவாக எழுதுகிறோம். லாப நட்டக் கணக்கில் ஒத்திவைத்த வரிச் செலவு என்று பற்று, இருப்புநிலைக் குறிப்பில் ஒத்திவைத்த வரிப் பொறுப்பு என்று வரவு. மொத்த வரிச் செலவு 22.65 லட்சமாகிறது. அது 90 லட்சத்துக்குச் சரியாக 25.168 சதவீதம்.

வருடம் முடியும்போது ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கைப் புதிதாகப் போட ஒரு சுலபமான வழி உண்டு. சர்வரின் புத்தக மதிப்பிலிருந்து வரிக் கணக்கின் மதிப்பைக் கழித்து, வித்தியாசத்தை வரி விகிதத்தால் பெருக்க வேண்டும். வருவதுதான் அன்றைய பொறுப்பு. போன வருட இறுதி இருப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த வருட லாப நட்டக் கணக்குக்குப் போகும். எல்லாத் தொகையும் லட்சத்தில்:

| வருட இறுதி | புத்தக மதிப்பு | வரி மதிப்பு | வித்தியாசம் | ஒத்திவைத்த வரி |
|---|---|---|---|---|
| 1 | 50 | 36.00 | 14.00 | 3.52 |
| 2 | 40 | 21.60 | 18.40 | 4.63 |
| 3 | 30 | 12.96 | 17.04 | 4.29 |
| 4 | 20 | 7.78 | 12.22 | 3.08 |
| 5 | 10 | 4.67 | 5.33 | 1.34 |
| 6 | 0 | 2.80 | −2.80 | −0.70 |

பொறுப்பு இரண்டாம் வருடம் உச்சத்துக்குப் போய், மூன்றாம் வருடத்திலிருந்து இறங்குகிறது. இறங்கும் ஒவ்வொரு வருடமும் அந்தத் தொகை வரிச் செலவைக் குறைக்கிறது. மூன்றாம் வருடம் கட்டும் வரி 22.99 லட்சம். பொறுப்பில் குறைந்த 0.34 லட்சத்தை அதிலிருந்து கழித்தால் மறுபடி 22.65. ஆறு வருடமும் நிகர லாபம் 67.35 லட்சம் என்று ஒரே சீராக நிற்கும்.

கடைசி வரிசையை நிதானமாகப் பாருங்கள். பாடப்புத்தக உதாரணங்களில் வித்தியாசம் இறுதியில் அழகாகப் பூஜ்யத்தில் முடியும். இங்கே பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டது. மிச்ச மதிப்பின் மேல் சதவீதம் போட்டுக்கொண்டே போனால் அது ஒருநாளும் பூஜ்யமாகாது. புத்தகத்தில் சர்வர் முடிந்துவிட்டது, வரிக் கணக்கில் இன்னும் 2.80 லட்சம் பாக்கி. அதை இனி வரும் வருடங்களில் கழித்து வரியைக் குறைக்கலாம். ஆகவே இப்போது 70,000 ரூபாய்ச் சொச்சம் பொறுப்பாக இல்லை, ஒத்திவைத்த வரிச் சொத்தாக மாறியிருக்கிறது.

சர்வரையே தூக்கி எறிந்துவிட்டால்? இந்தியச் சட்டத்தில் அப்போதும் அந்த பாக்கி போவதில்லை, அதற்குக் காரணம் 'பிளாக்' முறை. ஒரே வகையைச் சேர்ந்த, ஒரே விகிதம் கொண்ட சொத்துகள் அனைத்தும் வரிக் கணக்கில் ஒரே தொகுப்பாகக் கரைந்துவிடுகின்றன. உள்ளே போன பிறகு தனித்தனி சர்வருக்கு மதிப்பு கிடையாது. பழையதை விற்றால் கிடைத்த பணம் தொகுப்பின் மதிப்பிலிருந்து கழியும், அவ்வளவுதான். தொகுப்பில் வேறு சொத்தும் மதிப்பும் இருக்கும்வரை 40 சதவீதம் ஓடிக்கொண்டே இருக்கும். இதனால் நடைமுறையில் ஒவ்வொரு இயந்திரமாக ஒப்பிட முடியாது. பிளாக்கின் மொத்த வரி மதிப்பைப் புத்தகத்தில் அதே சொத்துகளின் மொத்த மதிப்போடு ஒப்பிட வேண்டும். தவறு பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. புத்தகத்தில் விற்ற சர்வரை நீக்கி லாபமோ நட்டமோ எழுதியிருப்பார்கள், விற்ற பணத்தை பிளாக்கில் கழிக்க மறந்திருப்பார்கள். வரி மதிப்பு உண்மையைவிட அதிகமாக நின்று, பொறுப்பு குறைவாகத் தெரியும்.

இனி இந்த நிறுவனம் வருடத்துக்கு ஒரு சர்வர் வீதம், அதே 60 லட்சத்துக்கு வாங்கிக்கொண்டே போகிறது என்று பாருங்கள். ஆயுள் முடிந்ததை எறிந்துவிடுகிறது. பல வருடம் கழித்து ஏதாவது ஒரு மார்ச் 31 அன்று கையில் எல்லா வயதிலும் ஒரு சர்வர் இருக்கும். புத்தக மதிப்புகளைக் கூட்டினால் 50, 40, 30, 20, 10 என்று 150 லட்சம். வரிக் கணக்கின் பாக்கிகள், எறிந்த சர்வர்களின் வால்களையும் சேர்த்து, 90 லட்சத்தில் நிற்கும். வித்தியாசம் 60 லட்சம், பொறுப்பு சுமார் 15.10 லட்சம். ஒரு சர்வரின் வித்தியாசம் கரையும்போது இன்னொன்றின் வித்தியாசம் பிறப்பதால், அடுத்த வருடமும் 15.10, அதற்கடுத்த வருடமும் 15.10. விலை ஏறினாலோ நிறுவனம் வளர்ந்தாலோ தொகை கூடத்தான் செய்யும். பங்குகளை ஆராய்பவர்களில் சிலர் இதைக் கடனோடு சேர்க்காமல் விடுவது இதனால்தான். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது, ஆனால் முதலீடு தொடரும் நிறுவனத்துக்கு மட்டும். புது இயந்திரம் வாங்குவதை நிறுத்திவிட்ட ஆலையில் இந்தப் பொறுப்பு வருடா வருடம் ரொக்க வரியாக வெளியே போகும்.

பொறுப்பின் அளவை மாற்ற இன்னொன்றாலும் முடியும், அது வரி விகிதம். 2019 செப்டம்பர் 20 அன்று மத்திய அரசு அவசரச் சட்டத்தின் மூலம் 25.168 சதவீத விகிதத்தைக் கொண்டுவந்தது. அதுவரை பெரிய நிறுவனங்கள் பலவற்றுக்கு 34.944 சதவீதம். நம் சர்வர் அன்றைக்கு இரண்டாம் வருட முடிவில் இருந்து, நிறுவனம் புது விகிதத்துக்கு மாறியிருந்தால், 18.40 லட்ச வித்தியாசத்தின் மேல் 6.43 லட்சமாக இருந்த பொறுப்பு 4.63 லட்சமாகச் சுருங்கியிருக்கும். நடுவில் உள்ள 1.80 லட்சம் அந்த வருட லாபத்தில் ஏறும். கையில் பைசா வராது. ஒத்திவைத்த வரிச் சொத்து வைத்திருந்த நிறுவனங்களுக்கோ அதே குறைப்பால் லாபம் அடிவாங்கியது. அந்த வருட முடிவுகளைப் படிப்பவர் நிகர லாபத்துக்கு முன்னால் வரிக் குறிப்பைப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கணக்கு 2001 ஏப்ரலிலிருந்து கணக்கியல் தரம் 22-இன் கீழ் கட்டாயமாகத் தொடங்கியது. எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார்கள், 2007-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தரம் செல்லும் என்றது. பெரிய நிறுவனங்கள் இப்போது இந்திய கணக்கியல் தரம் 12-ஐப் பின்பற்றுகின்றன. தேய்மானத்தைப் பொறுத்தவரை விடை பெரும்பாலும் ஒன்றுதான். எத்தனை வருடம் கழித்துக் கட்டும் வரியானாலும் இன்றைய மதிப்புக்குத் தள்ளுபடி செய்யக்கூடாது என்பதிலும் இரண்டும் ஒத்துப்போகின்றன.

கணக்கு சரியா என்று பார்க்க ஆண்டறிக்கையின் வரிக் குறிப்பிலேயே ஒரு சோதனை இருக்கிறது. கட்டும் வரியையும் ஒத்திவைத்த வரியையும் கூட்டி, வரிக்கு முந்தைய லாபத்தால் வகுத்துப் பாருங்கள். நம் உதாரணத்தில் எல்லா வருடமும் 25.168 வரும். 28 என்று வந்தால் தேய்மானத்தைச் சந்தேகிப்பதற்கு முன், என்றைக்குமே வரியில் கழிக்க முடியாத அபராதம் போன்ற செலவுகள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். அவற்றின் வித்தியாசம் எந்த வருடத்திலும் திரும்பாது, அதனால் அவற்றுக்கு ஒத்திவைத்த வரியும் கிடையாது. அவற்றையும் விகித மாற்றத்தையும் கழித்த பிறகும் விளங்காத வித்தியாசம் மிஞ்சினால், சொத்துப் பதிவேட்டையும் பிளாக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த வருடம் வாங்கியதையும் விற்றதையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியதுதான்.