minreal நீக்கிவிட்ட அந்த ஒரு நிலை

மணலி பக்கத்து வேதிப்பொருள் ஆலைகளில் கட்டுப்பாட்டு லூப்புகளைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். யாராவது ஒரு லூப்பின் கணக்கைக் கொண்டுவந்தால், பரிமாற்றச் சார்பைப் பார்க்கும் முன் A அணியின் ஐகன் மதிப்புகளைக் கேட்பேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

வெப்பம் உமிழும் வினை நடக்கிற ஒரு கலன். வெப்பநிலை கொஞ்சம் ஏறினால் வினையின் வேகம் கூடும், வெப்பமும் கூடும். ஜாக்கெட்டில் ஓடும் குளிர்நீர் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் விலகல் தானாகவே வளரும். இயங்கு புள்ளியிலிருந்து வெப்பநிலை விலகுவதை x என்போம், குளிர்நீர் வால்வு வழியாக நாம் தரும் திருத்தத்தை u என்போம். 10 நிமிடத்தை ஓர் அலகாக வைத்தால் x' = x + u. அதாவது 1/(s−1), நிலையற்ற ஒரு முனை.

வடிவமைத்த இளைஞர் அந்த முனையை அடித்துவிட நினைத்து, தெர்மோகப்பிள் சிக்னல் வரும் பாதையில் (s−1)/(s+1) என்ற வடிகட்டியைப் போட்டிருந்தார். அதன் நிலை z; z' = −z + x, வெளியே வருவது f = x − 2z. கண்ட்ரோலர் u = 3(r − f); r என்பது நாம் வைக்கும் இலக்கு. பெருக்கிப் பார்த்தால் r-இலிருந்து f வரை 3/(s+4) தான் மிஞ்சும். "சார், மாடல் நல்லா ஸ்டேபிளா இருக்கு" என்றார். அவர் காட்டிய மாடல் வரைக்கும் அது சரிதான். அப்புறம் MATLAB-இல் இதை ஓட்டச் சொன்னேன்.

```
A = [-2 6; 1 -1];  B = [3; 0];  C = [1 -2];
eig(A)
rank(obsv(A,C))
tf(minreal(ss(A,B,C,0)))
```

ஐகன் மதிப்புகள் −4, +1. காணத்தக்க நிலைகளின் எண்ணிக்கை இரண்டுக்கு ஒன்றுதான். மாடலைக் குறுக்கித் தரும் minreal கட்டளை அந்த +1-ஐ நீக்கிவிட்டு 3/(s+4) என்று தருகிறது.

x, z என்பதற்குப் பதிலாக f, z என்று ஆயங்களை மாற்றினால் விஷயம் பளிச்சென்று தெரியும்:

f' = −4f + 3r
z' = z + f

f-இன் சமன்பாட்டில் z இல்லவே இல்லை. z பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகும், அதோடு x-உம் வளரும், f-க்கு ஒன்றும் தெரியாது. 1963-இல் கால்மனும் கில்பர்ட்டும் காட்டிய பிரிப்பு இதுதான். எந்த நேரியல் மாடலையும், உள்ளீட்டால் அசைக்க முடிவது முடியாதது, வெளியீட்டில் தெரிவது தெரியாதது என்று நான்கு பகுதிகளாகப் பிரிக்கலாம். பரிமாற்றச் சார்பு காட்டுவது, அசைக்கவும் முடிந்து தெரியவும் செய்கிற ஒரு பகுதியை மட்டும். நம் z அசைக்க முடிந்தது, ஆனால் தெரியாதது.

இங்கேதான் எனக்குப் பயம். r-ஐ 1 டிகிரி உயர்த்துங்கள். ஆபரேட்டர் பார்க்கும் ட்ரெண்டில் f அழகாக 0.75-க்குப் போய் நிற்கும். கணக்கின்படி 20 நிமிடத்தில் கலனுக்குள் வெப்பநிலை 8 டிகிரி ஏறியிருக்கும், 30 நிமிடத்தில் 23 டிகிரி. நிஜத்தில் அதற்குள் நேரியல் மாடலே செல்லாமல் போய்விடும், ஆனால் எந்தப் பக்கம் போகிறது என்பதில் சந்தேகமில்லை. f-ஐ மட்டும் வைத்து எத்தனை டியூனிங் செய்தாலும், எந்த அப்சர்வரை எழுதினாலும், அந்த +1 அசையாது.

"நிஜ ஆலையில் முனையும் சுழியும் அவ்வளவு துல்லியமாகப் பொருந்தாதே?" என்று அந்த இளைஞர் கேட்டது நல்ல கேள்வி. கலனின் முனை 1 இல்லாமல் 1.05 என்று வையுங்கள். மூடிய லூப்பின் முனை 1.02-க்கு வரும், நிலையற்றதுதான். இப்போது ரேங்க் இரண்டு என்று வரும், minreal எதையும் நீக்காது. ஆனால் 30 நிமிடத்தில் கலன் 25 டிகிரி அளவுக்கு விலகும்போது திரையில் கூடுவது கால் டிகிரி. அது அளவீட்டு இரைச்சலோடு கலந்துபோகும். அதனால் ரேங்கை மட்டும் நம்பக் கூடாது, ஐகன் மதிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதே வடிகட்டியைக் கண்ட்ரோலர் பக்கம் வைத்தால் கதை மாறும். அப்போது +1 வெளியீட்டில் தெரியும், ஆனால் r-ஆல் அசைக்க முடியாது. r-ஐ மாற்றிச் செய்யும் சிமுலேஷன் சுத்தமாக வரும். குளிர்நீரின் வெப்பநிலை லேசாக மாறினால் போதும், அது கிளம்பிவிடும். ஆகவே சிமுலேஷனில் இடையூறையும் கொடுத்துப் பாருங்கள், தொடக்க நிலையைச் சுழியத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தியும் பாருங்கள்.

நீக்கப்படும் நிலையின் ஐகன் மதிப்பு −4, −7 போல இருந்தால் தானாக அடங்கிவிடும், தாராளமாக நீக்கலாம். நேர்மறையாகவோ சுழியமாகவோ இருந்தால் குறுக்கிய மாடலை வைத்து வடிவமைக்கவே கூடாது.

இந்த லூப்பில் தீர்வு எளிது. வடிகட்டியை எடுத்துவிட்டோம். x' = x + 3(r − x), முனை −2-இல் வந்து உட்கார்ந்தது. இரைச்சலுக்குச் சுழி எதையும் சேர்க்காத, லூப்பைவிடப் பல மடங்கு வேகமான ஒரு சாதாரண வடிகட்டியைப் போட்டோம். அதிக வெப்பநிலை ட்ரிப்புக்கு இரண்டாவது தெர்மோகப்பிள் ஒன்று, எந்த வடிகட்டியும் வழியில் இல்லாமல், நேராக.