தெளிவான அகலமாம்! கிளியர் விட்த் என்பதற்குத் தமிழ் என்ன?

"கதவின் தெளிவான அகலம் 900 மி.மீ. இருக்க வேண்டும்." இந்த வரியை நான் பார்ப்பது இது நான்காவது முறை. சக்கர நாற்காலியில் வருவோருக்கான கழிப்பறையைப் பற்றி எழுதும் எந்தக் குறிப்பைத் திறந்தாலும் இது வந்து நிற்கிறது. அகலம் எப்படி ஐயா தெளிவாக இருக்கும்? அதற்கு முன்னால் கலங்கியா கிடந்தது?

கிளியர் என்ற ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் ஒளி, பளிச்சென்றிருப்பது என்ற பொருள். பிறகு கலங்கல் இல்லாதது. அப்புறம் குறுக்கே எதுவும் இல்லாதது. நம் 'தெளி' அந்த நடுப்பொருளோடு நின்றுவிடும். தேற்றாங்கொட்டையை உரைத்துப் போட்டால் நீர் தெளியும், மயக்கம் தெளியும், மனம் தெளியும். வழி தெளிந்தது என்றால்கூட, எந்த வழி என்று புரிந்தது என்றுதான் பொருள். வழியில் கிடந்த கல்லை எடுத்தாயிற்று என்று பொருள் இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஆட்டோ ஓட்டுபவர் "கிண்டி கிளியரா இருக்கு சார்" என்று சொல்லும்போது சரியான பொருளில்தான் சொல்கிறார். கடன் வாங்கிய சொல்லில் இருந்த பொருள், மொழிபெயர்த்த சொல்லில் காணாமல் போயிற்று.

இதெல்லாம் சொல் சண்டை என்று விட்டுவிடலாம், எங்கள் பேட்டைப் பூங்காவில் நடந்ததைப் பார்க்காமல் இருந்திருந்தால். புதிதாகக் கட்டிய கழிப்பறைக்கு என் நண்பரோடு போனேன். அவருடைய சக்கர நாற்காலி, கைவளையங்களின் வெளி விளிம்பு வரை 680 மி.மீ. நாற்காலி நுழைந்தது, அவருடைய கை நுழையவில்லை. வளையத்தைப் பிடித்துத் தள்ளிய வலது கையின் முட்டி தாழ்ப்பாளில் உரசித் தோல் கிழிந்தது. மேஸ்திரி அங்கேயே இருந்தார். "சார், மூணடி கதவுதான் போட்டிருக்கேன். தாள்ல தெளிவா 900ன்னு போட்டிருக்கு" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. 'தெளிவான அகலம்' என்பதை 'தெளிவாகக் குறிப்பிட்ட அகலம்' என்று படித்திருக்கிறார். நானாக இருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பேன்.

டேப்பை வாங்கி அளந்தோம். மூன்றடி என்பது நிலையின் வெளி அளவு, 914 மி.மீ. நிலைக்கால் ஒவ்வொன்றும் இரண்டரை அங்குலம். இரண்டையும் கழித்தால் உள்ளே 787. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. அது சரிதான், உள்ளே யாராவது விழுந்துவிட்டால் கதவைத் திறக்க முடிய வேண்டுமே. ஆனால் பக்கத்தில் ஒரு தூண் இருப்பதால் அது செங்கோணத்தில் நின்றுவிடுகிறது, சுவரோடு போய்ச் சாய்வதில்லை. அப்படி நிற்கும்போது கதவுப் பலகையின் கனம் வழிக்குள் ஏறக்குறைய 20 மி.மீ. துருத்துகிறது. மிச்சம் 767. உள்ளே போனவர் கதவை இழுத்துச் சாத்த ஒரு குறுக்குக் கம்பி உண்டு; திறந்த கதவில் அந்தப் பக்கம்தான் வழியைப் பார்த்து நிற்கும். கம்பிக்கு ஒரு 50. ஆக 717. 680 நாற்காலிக்கு இரு பக்கமும் தலா 20கூட இல்லை. தோல் கிழியாமல் என்ன செய்யும்?

மத்திய அரசின் 2021 வழிகாட்டு நெறிகள் கேட்கும் 900 என்பது இந்தக் கடைசிக் கணக்கு. எல்லாத் துருத்தல்களும் போன பிறகு நிற்கும் அளவு. அந்தத் தூணை வைத்துக்கொண்டே அது கிடைக்க வேண்டுமென்றால் நிலையின் வெளி அளவு 1100-ஐத் தொட வேண்டும். தூணை ஒதுக்கிக் கதவைச் சுவரோடு படியவிட்டால் ஒரு 70 மிச்சமாகும்.

சரி, அதற்கு என்ன சொல்? 'நிகர அகலம்' என்று ஒரு தரப்பு எழுதுகிறது. வரவு செலவில் நிகரம் பழகிய சொல், கழித்தது போக மிச்சம் என்ற பொருளும் வருகிறது. ஆனால் எதைக் கழிப்பது என்று சொல்லவில்லை. நிலையைக் கழித்துவிட்டு, இதுதான் நிகரம் என்று மேஸ்திரி சொன்னால் மறுக்க வழியில்லை. 'தடையற்ற அகலம்' பொருளில் கிட்டே வருகிறது. ஆனால் அரசுத் தமிழில் 'தடையற்ற' என்பது அடித்துத் துவைத்த சொல்: தடையற்ற மின்சாரம், தடையற்ற சேவை, தடையற்ற சூழல். படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். தச்சர்கள் சொல்லும் 'உள்ளளவு' நல்ல சொல், ஆனால் அது நிலைக்கும் நிலைக்கும் நடுவே உள்ள அளவு. நம் கணக்கில் 787. அதையே இங்கே போட்டால் இன்னொரு கை கிழியும். பழந்தமிழ்ப் பிரியர் ஒருவர் 'புழையகலம்' என்றார். கோட்டையின் சிறு வாசலுக்குப் புழை என்று பெயர் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் கேட்டதும் சென்னையில் முக்கால்வாசிப் பேருக்கு நினைவுக்கு வருவது பிழைதான்.

நான் சொல்வது 'புழங்ககலம்'. புழங்குகிற அகலம். வீட்டில் "புழங்க இடமில்லை" என்கிறோமே, அதே புழங்கு. ஆள் போய்வர எவ்வளவு மிஞ்சுகிறது என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே நாற்காலியைத் திருப்பத் தேவையான 1500 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துக்கும் இதே வேர் உதவும்: திருப்புவதற்கான புழங்கிடம். அந்தப் பூங்காவில் அதையும் 'தெளிவான திருப்பும் இடம்' என்றுதான் எழுதியிருந்தார்கள். சுவருக்குச் சுவர் 1500 சரியாக இருந்தது. அந்த வட்டத்துக்குள்தான் தரைவரை குழாய் இறங்கிய கைகழுவும் தொட்டியும் குப்பைக் கூடையும் இருந்தன.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்குள்ள குறையே இதுதான். அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பொருள் எதை அளக்கிறது என்று பார்ப்பதில்லை. அதே தாளில் சாய்தளத்துக்கு (நல்லவேளை, சறுக்குமேடை என்று எழுதவில்லை) '12 பாகை சாய்வு' என்று போட்டிருந்தார்கள். மூலத்தில் இருந்தது 1:12. ஓர் அடி ஏற 12 அடி ஓட வேண்டும் என்று பொருள். பாகையில் சொன்னால் ஐந்துகூட வராது. மழைத் தண்ணீருக்குப் பயந்து நம் ஊரில் தரையை ஒன்றரை அடி தூக்கிக் கட்டுகிறோம். அதற்குச் சாய்தளம் 18 அடி நீள வேண்டும். 12 பாகை என்று கட்டினால் ஏழடியில் முடிந்துவிடும், மேலே ஏற இரண்டு பேர் பின்னால் தள்ள வேண்டும். அங்கே நீளம் எவ்வளவு என்று நண்பர் கேட்டார். ஏழேகால் அடி.

கிளம்பும்போது மேஸ்திரியிடம் சொல்லிப் பார்த்தேன்: "புழங்குற அகலம் 900 வேணும்னு எழுதியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" அவர் திறந்த கதவுக்கும் எதிர் நிலைக்காலுக்கும் நடுவே டேப்பைப் பிடித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கம்பியின் முனைக்கு நகர்த்தி மறுபடி பிடித்தார்.